‘வென்’ வந்தால் ‘வில்’ வராதா?

தென்காசி மாணவி:
‘ஐ வில் கால் யூ வென் ஷி வில் அரைவ்’ என்று எழுதியதற்கு எங்கள் ஆசிரியை சிவப்பு மையால் கோடிட்டு, ‘வென் ஷி அரைவ்ஸ்’ என்று திருத்தினார். அதே தாளில் ‘ஐ டோன்ட் நோ வென் ஷி வில் அரைவ்’ என்றும் எழுதியிருந்தேன். அதற்குச் ‘சரி’ போட்டிருக்கிறார். இரண்டிலும் அவள் இனிமேல்தான் வரப்போகிறாள். பிறகு ஏன் ஒன்று தவறு, ஒன்று சரி?

திருச்சி பாலு:
போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் ‘வில்’ போடக்கூடாது. தலைமை வாக்கியத்தில் ‘வில்’ ஒருமுறை வந்துவிட்டால் எதிர்காலம் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது, மறுபடியும் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வாக்கியத்தை உங்கள் ஆசிரியை கவனக்குறைவாக விட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேர்வில் ‘வென்’னைப் பார்த்தவுடன் ‘வில்’லை அடித்துவிடுவது பாதுகாப்பானது.

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
பாலு அவர்களே, முதல் வாக்கியத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, இரண்டாவதைப் பற்றிச் சொல்வது தவறு. மாணவியின் ஆசிரியை எதையும் விட்டுவிடவில்லை.

இரண்டு வாக்கியங்களையும் தமிழில் சொல்லிப் பார்த்தாலே வேறுபாடு வெளிப்பட்டுவிடும். முதலாவது, ‘அவள் வரும்போது உன்னை அழைக்கிறேன்’. இரண்டாவது, ‘அவள் எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது’. ‘வரும்போது’, ‘எப்போது’ என்று நாம் இரண்டு வெவ்வேறு சொற்களில் சொல்வதை ஆங்கிலம் ‘வென்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது, குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. முதலாவதில் ‘வென்’ அழைப்பு நடக்கப்போகும் நேரத்தைக் குறிக்கிறது. இரண்டாவதில் அது ஒரு கேள்வி. தெரியாதது எது என்றால், அந்தக் கேள்விக்கான விடை. கேள்விக்குள் ‘வில்’ வருவதற்குத் தடை ஏதும் இல்லை.

ஐயம் வந்தால் ‘வென்’னை எடுத்துவிட்டு ‘ஆஸ் சூன் ஆஸ்’ என்று வைத்துப் பாருங்கள். ‘ஐ வில் கால் யூ ஆஸ் சூன் ஆஸ் ஷி அரைவ்ஸ்’ இயல்பாக நிற்கிறது. ‘ஐ டோன்ட் நோ ஆஸ் சூன் ஆஸ்…’ பொருளற்றுப் போகிறது. மாற்றிவைக்க முடிந்த இடத்தில்தான் ‘வில்’ விலக வேண்டும். ‘த டே வென் ஷி வில் அரைவ்’, அதாவது அவள் வரும் நாள் என்பதிலும் மாற்ற முடியாது, ஆகவே அங்கேயும் ‘வில்’ வரலாம்.

ரயில்பயணி:
இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ‘நாளை ஆறு மணிக்கு ரயில் வருகிறது’ என்று நாமும்தான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் ‘த டிரெய்ன் அரைவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’ என்கிறார்கள். அட்டவணை போட்டு முடிவானதற்கு நிகழ்காலம். அவள் வருவது முடிவாகிவிட்டது, அதனால் ‘அரைவ்ஸ்’.

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
இல்லை, இது வேறு விஷயம். மழைக்கு அட்டவணை கிடையாது அல்லவா? அதனால் ‘இட் ரெய்ன்ஸ் டுமாரோ’ என்று தனி வாக்கியமாக ஆங்கிலத்தில் யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் ‘வென் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, த ரூஃப் வில் லீக்’ என்பதில் ஒரு பிழையும் இல்லை. காலத்தைச் சொல்லும் அந்தத் துணைவாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டால், எந்த முடிவும் ஏற்பாடும் இல்லாத நிகழ்ச்சிக்கும் நிகழ்கால வடிவமே வருகிறது.

கணக்கர், சென்னை:
மேலே சொன்ன ‘எப்போது’, ‘வரும்போது’ சிக்கலில் நான் நேரடியாக மாட்டிக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு தணிக்கையாளர் வரவேண்டியிருந்தது. அவருக்கு விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவது என் பொறுப்பு. அவருடைய அலுவலகத்துக்கு ‘பிளீஸ் டெல் மீ வென் ஷி அரைவ்ஸ்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நேரம் தெரிந்ததும் ஓட்டுநரிடம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் காலையில் ‘ஷி ஹேஸ் அரைவ்ட்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அம்மையார் விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ‘வந்ததும் சொல்’ என்று கேட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்டது ‘எப்போது வருவார் என்று சொல்’ என்பது. ‘வென்’னுக்குப் பின் ‘வில்’ கூடாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்ததால்தான் ‘வில்’லை நானே அடித்தேன். பாலு சொல்லும் பாதுகாப்பு எனக்கு ஒரு கார் வாடகையையும் ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் கொடுத்தது.

திருச்சி பாலு:
ஒப்புக்கொள்கிறேன், கேள்வியாக வரும் ‘வென்’னை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் வாக்கியம் இலக்கணப்படி தவறு என்று சொல்ல முடியாதே?

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
தவறு அல்ல, அதுதான் அதன் ஆபத்து. விமானத்துக்கு நேர அட்டவணை உண்டு என்பதால், ரயில்பயணி சொன்ன நிகழ்காலம் கேள்விக்குள்ளும் வந்துவிடும். எனவே ‘டெல் மீ வென் ஷி அரைவ்ஸ்’ என்பதற்கு இரண்டு பொருளும் உண்டு. ‘வென் ஷி வில் அரைவ்’ என்று எழுதியிருந்தால் கேள்வி என்ற ஒரு பொருள் மட்டுமே நின்றிருக்கும். நானாக இருந்தால் ‘வென்’னையே தவிர்த்து, ‘வாட் டைம்’ என்று தொடங்கியிருப்பேன்.

வரைவாளர்:
நான் ஒப்பந்தங்கள் எழுதுபவன், எனவே என் கண்ணுக்கு இந்த விதி அவ்வளவு உறுதியானதாகத் தெரியவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் மத்தேயு 25ஆம் அதிகாரம் 31ஆம் வசனம் ‘வென் த சன் ஆஃப் மேன் ஷல் கம்’ என்று தொடங்குகிறது. இக்கால மொழிபெயர்ப்புகளில் அது ‘கம்ஸ்’ என்று மாறிவிட்டது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பு, இரண்டாம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ‘அன்டில் சச் எனியூமரேஷன் ஷல் பி மேட்’ என்று இருக்கிறது; சில வரிகள் தள்ளி ‘வென் வேகன்சீஸ் ஹேப்பன்’ என்று இருக்கிறது. ஒரே பிரிவுக்குள் இரண்டு வழக்கமும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. பழைய ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட ‘ஷல்’லை நான் இன்றும் பார்க்கிறேன். ஆகவே, ஆங்கிலத்தின் இயல்பே இது என்று சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் இரண்டும் செல்லுபடியாகி, பின்னர் ஒன்று தேய்ந்துபோயிற்று என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் இன்னும் பின்னோக்கிப் போனால் பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவமே கிடையாது, நிகழ்காலமே இரண்டு வேலையையும் பார்த்தது. ‘வில்’ என்பது முதலில் ‘விரும்பு’ என்ற பொருளுடைய சொல்லாகத்தான் இருந்தது. எனவே துணைவாக்கியத்தில் இன்று நாம் பார்ப்பது அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம் என்பது என் எண்ணம்.

வரைவாளர்:
இடையில் சில நூற்றாண்டுகள் ‘ஷல்’ வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கும்போது அதை மிச்சம் என்பதா, திரும்பி வந்தது என்பதா? எனக்கு அது விளங்கவில்லை.

புதுச்சேரிக்காரன்:
பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். அங்கே ‘கான் எல் அரிவரா’ என்று துணைவாக்கியத்திலும் எதிர்காலமே வரும். நிகழ்காலம் எழுதினால்தான் மதிப்பெண் போகும். ஆகவே ‘ஒருமுறை சொன்னது போதும்’ என்று பாலு சொன்ன காரணம், ஆங்கிலம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை விளக்கவில்லை. இப்படித்தான் இருக்கிறது என்பதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறது.

தென்காசி மாணவி:
அனைவருக்கும் நன்றி. ‘எப்போது’, ‘வரும்போது’ வேறுபாடு புரிந்துவிட்டது. ஆனால் அதே தாளில் இன்னொரு கோடும் இருக்கிறது. ‘அவள் வந்த பிறகு சொல்கிறேன்’ என்பதை ‘ஆஃப்டர் ஷி கேம், ஐ வில் டெல் யூ’ என்று எழுதியிருந்தேன். அதில் ‘வில்’லைத் தவிர்த்துத்தானே எழுதினேன்?

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் தனியாகச் செய்யும் பிழை இது என்று நினைத்துவிடாதே அம்மா. ஆனால் நம் பிள்ளைகள் ஏன் செய்கிறார்கள் என்பதற்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘வந்த பிறகு’ என்பதில் ‘வந்த’ இறந்தகால வடிவம், அவளோ இன்னும் வரவில்லை. தமிழ் அந்த இடத்தில் இன்றைய நாளிலிருந்து காலத்தை அளப்பதில்லை, ‘சொல்கிறேன்’ என்ற செயலிலிருந்து அளக்கிறது. சொல்வதற்கு முன்னால் வருகை முடிந்திருக்கும், அதனால் ‘வந்த’. அதேபோல் ‘நேற்று அவள் வரும்போது மழை பெய்தது’ என்று நடந்து முடிந்ததற்கும் ‘வரும்’ என்கிறோம். அங்கே ‘வரும்’ என்பது ‘அதே நேரத்தில்’ என்பதைத்தான் சொல்கிறது. ‘வரும்’ என்பதைப் பார்த்து ‘வில்’ போட்டாய், ‘வந்த’ என்பதைப் பார்த்து ‘கேம்’ போட்டாய்; இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்.

‘வந்த’ என்பதற்கு உரிய முடிவுப்பொருளை ஆங்கிலம் ‘ஹேஸ்’ போட்டுக் காட்டும். வருவது ஒரு நொடியில் முடிவதால் ‘அரைவ்ஸ்’, ‘ஹேஸ் அரைவ்ட்’ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. நீண்டு நடக்கும் செயலில்தான் தெரியும். ‘வென் ஐ ரீட் த புக், ஐ வில் மேக் நோட்ஸ்’ என்றால் படிக்கும்போதே குறிப்பெடுப்பாய். ‘வென் ஐ ஹேவ் ரெட் த புக், ஐ வில் கிவ் இட் டு யூ’ என்றால் படித்து முடித்ததும் கொடுப்பாய். இதில் ‘ஹேவ்’வை விட்டுவிட்டால் பாதி படிக்கும்போதே புத்தகத்தைப் பறிகொடுத்தது போலத் தொனிக்கும்.

புதுச்சேரிக்காரன்:
அழகான விளக்கம், ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஆங்கிலமும் தலைமைச் செயலிலிருந்துதான் அளக்கிறது என்றால், நேற்றைய மழைக்கும் ‘வென் ஷி அரைவ்ஸ்’ என்றல்லவா வரவேண்டும்? ‘அரைவ்ட்’ என்று ஏன் மாறுகிறது?

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
அந்த இடத்தில் தமிழோடு ஒப்பிடுவது நின்றுவிடுகிறது; நான் அதை மறைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு இறந்தகாலமா இல்லையா என்பது எங்கேயும் காட்டப்பட வேண்டும், எதிர்காலம் மட்டும் துணைவாக்கியத்தில் காட்டப்பட வேண்டியதில்லை. ‘வில்’லை ஒரு காலமாகவே எண்ணாமல், ‘கேன்’, ‘மே’ போன்ற ஒரு துணைவினையாக எண்ணுகிறவர்களுக்கு இது சங்கடமே இல்லை.

திருச்சி பாலு:
‘வில்’ எதிர்காலமே இல்லை என்று நான் வகுப்பில் சொன்னால், மறுநாள் பெற்றோர்கள் வந்து நிற்பார்கள். அந்த ஆஸ் சூன் ஆஸ் சோதனையை மட்டும் நாளைக்குக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

ரயில்பயணி:
அப்படியென்றால் ‘டூ யூ நோ வென் த டிரெய்ன் அரைவ்ஸ்?’ என்று நான் கேட்பது சரிதானே?

மங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை:
சரிதான் ஐயா. அது கேள்வி, ரயிலுக்கு அட்டவணையும் இருக்கிறது. வண்டி தாமதமாகி, அட்டவணை பொய்த்துப்போன பிறகு கேட்டால் மட்டும் ‘வில் அரைவ்’ என்று கேளுங்கள்.