உதவி: ஒரே தேர்வை இரண்டு முறை வைத்தேன், ஒட்டுறவு 0.06 வருகிறது

மலர்விழி_எம்எட்
எல்லோருக்கும் வணக்கம். என் ஆய்வேட்டுக்காகக் கணித அடைவுத் தேர்வு ஒன்றை நானே தயாரித்தேன். அதன் நம்பகத்தன்மையைக் காட்ட அதே மாணவர்களுக்கு அதே தாளை மீண்டும் வைத்து, இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு கண்டேன். 0.06 என்று வருகிறது. 0.70க்கு மேல் இருந்தால்தான் அடுத்த இயலைப் பார்ப்பேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும். கேள்விகளை எல்லாம் மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

நெல்லை_ஆசிரியர்
எத்தனை மாணவர்கள்? எந்த வகுப்பு? இரண்டு தேர்வுக்கும் இடையில் எத்தனை நாள்? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது, சகோதரி.

பேரா_ரா
நம்பகத்தன்மை குறைவாக இருந்தால் தேர்வு சரியில்லை என்று பொருள். தெளிவற்ற கேள்விகளை வைத்துவிட்டு எண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்.எட். முதல் பருவத்திலேயே கற்றிருக்க வேண்டிய பாடம் இது. கடினக் குறியீட்டையும் பாகுபடுத்தும் திறனையும் பார்த்தீர்களா? முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

எண்கணக்கன்
ஐயா, கேள்விகள் மோசமாக இருந்தால் 0.40, 0.50 என்று வரும். நாற்பது கேள்விகள் கொண்ட தாள் என்றால், அதை எவ்வளவு மோசமாகத் தயாரித்தாலும் 0.06 வரை இறங்குவது மிக அரிது. கணக்கில் நன்றாக வருகிற பிள்ளை இரண்டு நாளும் ஓரளவு நன்றாகத்தான் எழுதுவாள். பூஜ்யத்தை ஒட்டி எண் வந்தால் கேள்வித்தாளைச் சந்தேகிக்கும் முன் அட்டவணையைச் சந்தேகிக்க வேண்டும்.

மலர்விழி, எக்செலில் எந்தச் சூத்திரம் போட்டீர்கள் என்பதை அப்படியே ஒட்டுங்கள். முதல் ஏழெட்டு வரிகளின் மதிப்பெண்களையும் போடுங்கள், பெயர்கள் வேண்டாம்.

மலர்விழி_எம்எட்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு, 42 மாணவர்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இடைவெளி இரண்டு வாரம். சூத்திரம் இது:

```
=CORREL(B2:B40,C2:C40)
```

முதலில் இரண்டு பத்தியையும் முழுதாகக் கொடுத்தபோது #N/A என்று வந்தது. இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று தோழி சொன்னதால் இரண்டையும் 40ஆம் வரியோடு நிறுத்தினேன். முதல் ஏழு வரிகள்:

```
எண்   முதல்   இரண்டாம்
1      31       33
2      18       14
3      25       13
4      12       34
5      36       27
6      22       25
7      28       20
```

எண்கணக்கன்
தவறு இந்த ஏழு வரிகளுக்குள்ளேயே தெரிகிறது. எட்டாம் எண் மாணவர் முதல் தேர்வில் எவ்வளவு எடுத்தார்? மூன்றாம் எண் மாணவர் இரண்டாம் நாள் வந்தாரா?

மலர்விழி_எம்எட்
எட்டாம் எண் 15. மூன்றாம் எண் மாணவன் இரண்டாம் தேர்வுக்கு வரவில்லை. மொத்தம் மூன்று பேர் வரவில்லை. அதனால்தான் அந்தப் பத்தி 39 வரியோடு முடிகிறது.

எண்கணக்கன்
வராதவரின் இடத்தை நீங்கள் காலியாக விடவில்லை. இரண்டாம் நாள் விடைத்தாள்களை வேறொரு தாளில் வரிசையாகப் பதிந்து, அந்தப் பத்தியை அப்படியே இங்கே ஒட்டியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வரிகள் சரியாக இருக்கின்றன. மூன்றாம் வரியிலிருந்து ஒவ்வொருவருக்கும் எதிரே அடுத்த மாணவரின் மதிப்பெண் நிற்கிறது. இரண்டாம் பத்தியின் 13ஐ ஒரு வரி கீழே இறக்கிப் பாருங்கள். 12க்கு 13, 36க்கு 34, 22க்கு 27, 28க்கு 25, 15க்கு 20 என்று ஜோடி சேரும். மற்ற இருவர் வராத இடங்களில் இன்னும் ஒவ்வொரு வரி நழுவியிருக்கும்.

இந்தச் சிறு அட்டவணையையே கையால் கணக்கிட்டேன். நீங்கள் போட்டபடி ஏழு வரிகளுக்கு 0.03. சரியான ஜோடிகளாக்கி, மூன்றாம் எண்ணை விட்டுவிட்டு, எட்டாம் எண்ணைச் சேர்த்தால் 0.91. ஏழு பேரை வைத்து வரும் 0.91ஐ நம்பகத்தன்மை என்று எழுதிவிட வேண்டாம். கோளாறு எங்கே என்று காட்டத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த #N/A ஒரு நல்ல எச்சரிக்கை. ஒரு பத்தியில் 42, மற்றதில் 39 என்றால் யாருக்கு யார் ஜோடி என்று எக்செலுக்குத் தெரியாது, அதைத்தான் அது சொன்னது. நீளத்தை வெட்டியதும் எச்சரிக்கை போய்விட்டது, பிழை தங்கிவிட்டது.

நெல்லை_ஆசிரியர்
அருமையாகக் கண்டுபிடித்தீர்கள். சகோதரி, வராத மூவருக்கும் 0 போட்டுவிடுங்கள். வரிசை சரியாகிவிடும், நீளமும் 42 ஆகிவிடும். பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

எண்கணக்கன்
வரிசை சரியாகும் என்பது உண்மை. ஆனால் 0 போடக் கூடாது, ஐயா. அந்தப் பையன் தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கவில்லை, அவன் எழுதவே இல்லை. முதல் தேர்வில் 25 எடுத்தவனுக்கு எதிரே 0 வைத்தால், மேலே சொன்ன 0.91 ஒரே அடியில் 0.56 ஆகிறது. இதையும் கணக்கிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தால் CORREL அந்த ஜோடியையே விட்டுவிடும், 0 இருந்தால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எனவே இரண்டாம் நாள் மதிப்பெண்களை மாணவர் எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக எதிரெதிரே பதிந்துவிட்டு, இப்படிக் கொடுங்கள்:

```
=CORREL(B2:B43,C2:C43)
```

ஆய்வேட்டில் எண்ணிக்கையை 42 என்று எழுதாமல் 39 என்று எழுதுங்கள். அதன்பின் இரண்டு பத்திக்கும் சராசரியையும் எடுத்து இங்கே போடுங்கள். சிதறல் வரைபடம் ஒன்றும் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளி தனியாக எங்கோ கிடந்தால் அந்த விடைத்தாளை எடுத்து மீண்டும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பேரா_ரா
பதிவுப் பிழையை ஏற்கிறேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. மறுதேர்வு முறையே பழையது. இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்குக் கேள்விகள் நினைவிருக்கும். கூடரும் ரிச்சர்ட்சனும் 1937இலேயே ஒரே அமர்வில் நம்பகத்தன்மை காண வழி சொல்லிவிட்டார்கள். சரி, தவறு என்று மட்டும் திருத்தும் நாற்பது கேள்விகளுக்கு அவர்களின் கேஆர் 20 சூத்திரம் போதும். இரண்டாம் தேர்வே தேவையில்லை.

நெல்லை_ஆசிரியர்
நினைவிருக்கும் என்பதால்தான் இடைவெளியை நீட்ட வேண்டும் என்கிறேன். ஆறு மாதம் விட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

எண்கணக்கன்
ஆறு மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இயற்கணிதத்தில் பல பாடங்களைத் தாண்டிவிடும். அப்போது மதிப்பெண் மாறினால் தேர்வு நிலையற்றதா, பிள்ளை வளர்ந்துவிட்டதா என்று பிரிக்க முடியாது. நாளைக்கே வைத்தால் நினைவிலிருந்து எழுதுவார்கள், எண் பொய்யாக உயரும். பாடத் தேர்வுக்கு இரண்டு வாரம் நியாயமான இடைவெளி என்றுதான் எனக்குப் படுகிறது.

கேஆர் 20 பற்றிப் பேராசிரியர் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். அதையும் போடலாம், போட்டால் நல்லது. ஆனால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அது சொல்லும். ஒரு செவ்வாய்க்கிழமை எழுதியவள் இரண்டு வாரம் கழித்து எழுதினாலும் அதே இடத்தில் நிற்பாளா என்ற கேள்விக்கு ஒரே நாள் தரவில் விடை இல்லை.

பேரா_ரா
இரண்டு நாளிலும் நிற்கிறாள் என்றால் விடைகளை மனப்பாடம் செய்திருக்கிறாள் என்றும் இருக்கலாமே. அதை உங்கள் ஒட்டுறவு பிரித்துக் காட்டுமா?

எண்கணக்கன்
காட்டாது. அதை மறுக்கவில்லை.

இயன்முறை_மாணவி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் அனுபவம் ஒன்று இதில் பொருந்தும் என்று நினைக்கிறேன். 24 பேரின் கைப்பிடி வலிமையை இரண்டு நாள் அளந்தேன். ஒட்டுறவு 0.96. மகிழ்ச்சியோடு எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால் இரண்டாம் நாள் எல்லோருக்குமே ஏறத்தாழ 3 கிலோ கூடுதல். கருவியின் முள்ளைப் பூஜ்யத்தில் வைக்காமலே அளந்திருக்கிறேன். 0.96 அதை எனக்குச் சொல்லவே இல்லை. உங்களுடையதும் அப்படித்தானா?

எண்கணக்கன்
அவருடையது அப்படி இல்லை, ஆனால் நீங்கள் சொன்னது இங்கே மிகவும் தேவையான செய்தி. யார் மேலே, யார் கீழே, எவ்வளவு தள்ளி என்பது இரண்டு நாளும் ஒத்திருக்கிறதா என்பதை மட்டும்தான் ஒட்டுறவு பார்க்கும். எல்லோருக்கும் நான்கு மதிப்பெண் கூடினாலும் அது அசையாது. சராசரிகளைக் கேட்டது அதற்காகத்தான். உங்கள் அளவீட்டுக்கு உடன்பாட்டையும் சேர்த்துப் பார்க்கிற வகுப்பக ஒட்டுறவுக் கெழு பொருத்தமானது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

மலர்விழி_எம்எட்
ஐயா, நேற்று இரவு உட்கார்ந்து எண் பார்த்துப் பதிந்தேன். 39 ஜோடிகளுக்கு 0.79 வருகிறது! கைகள் நடுங்கிவிட்டன. சராசரி முதல் தேர்வில் 22.6, இரண்டாவதில் 26.1. வரைபடத்தில் புள்ளிகள் சாய்வாக ஒரே திசையில் போகின்றன. உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி.

எண்கணக்கன்
நல்ல செய்தி. 39 பேர் என்பதால் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 0.63 முதல் 0.88 வரை எங்கும் இருக்கலாம். அந்த எல்லையையும் சேர்த்து எழுதினால் நெறியாளர் குறை சொல்ல மாட்டார்.

ஆனால் சராசரி 3.5 கூடியிருக்கிறது. ஒரே தாளை இரண்டாம் முறை எழுதும்போது கொஞ்சம் கூடுவது இயல்பு, இது அதைவிட அதிகமாகத் தோன்றுகிறது. இடையில் அந்தக் கேள்விகளை வகுப்பில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

மலர்விழி_எம்எட்
முதல் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் வந்து கேட்டார்கள், கடினமான ஆறு கேள்விகளை மட்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அது தவறா?

எண்கணக்கன்
ஆசிரியராக அது சரிதான். தேர்வின் நிலைத்தன்மையை அளக்கும்போதுதான் சிக்கல். முதலிலேயே அந்த ஆறையும் சரியாக எழுதியவர்களுக்கு நீங்கள் விளக்கியதால் எதுவும் கூடாது. நடுவில் இருப்பவர்களுக்குக் கூடும். கவனிக்காதவர்களுக்குக் கூடாது. எல்லோருக்கும் சமமாகக் கூடாததால் 0.79 எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விடைத்தாள்கள் கையில் இருக்கின்றன அல்லவா? இரண்டு நாளிலும் அந்த ஆறு கேள்விகளையும் விட்டுவிட்டு 34க்கு மதிப்பெண் போட்டு மீண்டும் ஒட்டுறவு காணுங்கள். சராசரி வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் பாருங்கள். 78 தாள்கள் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும். அந்த எண்ணை இங்கே போட்டால் மேற்கொண்டு பேசலாம்.

பேரா_ரா
ஆறு கேள்விகளை நீக்கினால் அது வேறு தேர்வு. 34 கேள்வித் தாளின் நம்பகத்தன்மையை 40 கேள்வித் தாளுக்கு எழுத முடியாது.

எண்கணக்கன்
எழுத வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நடந்ததை ஒரு பத்தியில் சொல்லட்டும் என்கிறேன்.

நெல்லை_ஆசிரியர்
சகோதரி, வெள்ளிக்கிழமை நெறியாளரைப் பார்த்தீர்களா? 34க்கு என்ன வந்தது?

இயன்முறை_மாணவி
எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல். பத்து நாளாகிவிட்டது, மலர்விழி அக்கா.