சிறப்பு விருந்தினர் அறிமுகத்தில் நடந்த தவறு: உங்கள் அனுபவம் என்ன?

கவிதா: போன வாரம் ஒரு கருத்தரங்கைத் தொகுத்து வழங்கினேன். சிறப்பு விருந்தினர் பற்றிய குறிப்பை இணையத்தில் எடுத்திருந்தேன். "துறைத் தலைவர்" என்று நான் அழைத்ததும் அவர் மைக்கைப் பிடித்து, "நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறதம்மா. இப்போது தலைவர் என் மாணவிதான், அதோ முன்வரிசையில் இருக்கிறார்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நீங்கள் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

ரஹீம்: பட்டம், பதவி எதையும் சொல்லாதீர்கள். பெயரும் ஒரு நல்ல வரியும் போதும். தப்பே வராது.

சண்முகம்: ரஹீம், சுருக்கம் சரிதான். ஆனால் இவரை ஏன் அழைத்தோம் என்பது அவைக்குத் தெரிய வேண்டாமா? இன்றைய பதவியை விட்டால் அதுவே மரியாதைக் குறைவாகிவிடும்.

நான் குறிப்பு கேட்பதோடு நிற்பதில்லை. கேட்டால் நாலு பக்கம் வரும், அதில் எது பழைய பதவி என்றே தெரியாது. அறிமுகத்தை நானே எழுதி, மூன்று நாள் முன்பே அவருக்கே அனுப்பிவிடுவேன். எழுதியதைப் பார்த்தால் தப்பு அவர் கண்ணில் உடனே படும். ஒருமுறை "டாக்டர்" என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு, "அது மதிப்புறு முனைவர் பட்டம். பெயருக்கு முன்னால் வேண்டாம், பெற்றதாக மட்டும் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பினார். அதிலிருந்து "டாக்டர்" என்பதையே தவிர்க்கிறேன். மருத்துவர் அல்லது முனைவர், எது உண்மையோ அது.

பெயரை போனில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்பேன். ஆங்கில எழுத்தில் வந்தால் அது வாணியா வானியா என்று தெரியாது.

எழுதுவது நாலே வாக்கியம்: "இன்று நம்மிடம் பேச வந்திருப்பவர் குழந்தைநல மருத்துவர். அரசு மருத்துவமனையில் பிரிவுத் தலைவராக இருக்கிறார். குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். சிறப்பு விருந்தினர், மருத்துவர்..." பெயர் கடைசியில். பெயர் விழுந்ததும் கைத்தட்டல் தானாக வரும்.

மாலதி: எனக்கு நடந்தது வேறு. வரவேற்புரை சொன்னவர் விருந்தினரின் முழு வரலாற்றையும் பேசி முடித்துவிட்டார். அப்புறம் நான் அதையே திரும்பப் படிக்க, விருந்தினர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போதெல்லாம் வரவேற்புரையாளரிடம் முன்பே பேசிவிடுகிறேன்: பெயர் சொல்லி வரவேற்பது அவர், வாழ்க்கைக் குறிப்பு என்னுடையது.

கவிதா: நன்றி. இன்னொரு சந்தேகம். சிறப்பு அழைப்பாளர்கள் இரண்டு பேர் சமமான பதவியில் இருந்தால் யாரை முதலில் அழைப்பது?

சண்முகம்: அழைப்பிதழில் அச்சான வரிசைப்படி.

ரஹீம்: எங்கள் விழாவில் அப்படித்தான் அழைத்தோம். பணியில் மூத்தவருக்கு வருத்தம். நான் வயதைப் பார்ப்பேன்.

மாலதி: வயதை யார் போய்க் கேட்பது, ரஹீம்?