கலியாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது: எங்கே பிழைத்தது?

கேள்வி (நுவரெலியா, விருந்து மண்டபப் பொறுப்பாளர்):
சென்ற ஞாயிறு பகல் விருந்தில் ஏறக்குறைய 15 கிலோ சோறும் கோழிக்கறியும் மிஞ்சின. சோறு காலை 11.30க்கு இறக்கியது. கிடாரத்தை மூடி, பின்கட்டில் வைத்திருந்தோம். வெளியே நல்ல குளிர். மாலை 7 மணிக்கு இல்லத்தில் திறந்தபோது மேல் சோறு நன்றாக இருந்ததாம். நடுச்சோறு பிசுபிசுத்து மணத்ததாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. இந்தக் குளிரிலும் எப்படிக் கெட்டது?

பதில் (ஹட்டன், சமையற்காரர்):
கிடாரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் நன்றாகச் சூடாக்கினால் பயமில்லை.

பதில் (கண்டி, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
குளிர வைக்கச் சொன்னது சரி, கிடாரத்தோடு என்பதுதான் சரியில்லை. அவ்வளவு சோற்றின் நடுப்பகுதி பெட்டிக்குள்ளும் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். உங்கள் பின்கட்டில் நடந்ததும் அதுதான்: குளிர் பாத்திரத்தின் ஓரத்தைத்தான் தொட்டது. சோற்றில் வளரும் ஒரு கிருமியின் வித்து, கொதிக்க வைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் அது முளைத்து நஞ்சு விட்டால், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மணமே வராமலும் இது நடக்கும் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த முறை, பந்திக்கு வைக்காத சோற்றை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். விருந்தினர் கரண்டி போட்டதைக் கொடுக்கவே வேண்டாம். பிரித்ததை உடனே அனுப்ப முடிந்தால், நடுவில் வெப்பமானி குத்தி 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்து, சுடுநீரால் சூடேற்றிய மூடுபெட்டியில் அனுப்புங்கள். மாலைதான் அனுப்ப முடியுமென்றால், சோற்றையும் கறியையும் அகன்ற தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்புங்கள். 60 பாகையிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5க்கு. ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் குளிராகவே அனுப்புங்கள். அங்கே 75 பாகை வரை சூடாக்கட்டும்.

பதில் (தலவாக்கலை, கோயில் அன்னதானக் குழு):
நாங்கள் சுடச்சுடப் பொதி கட்டி அடுக்குகிறோம். திருவிழா அன்று மத்தியானமே சாப்பிட்டுவிடுவார்கள். இதுவரை ஒரு குறையும் இல்லை.

பதில் (கண்டி):
உடனே சாப்பிடுவதால்தான் ஐயா. பொதிகளை அடுக்கி மாலைவரை வைத்தால் அவையும் ஒரு கிடாரம் மாதிரிதான். கறியைத் தனியாகக் கட்டுங்கள். பொதியின் மேல் சமைத்த நேரத்தையும், எப்போதுக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. தட்டுகள் இருக்கின்றன, வெப்பமானி நாளை வாங்குகிறேன். இல்லத்தில் இருப்பது ஒரு சிறிய அடுப்பு மட்டுமே. 40 பேருக்கு அதில் 75 பாகை வரை சூடாக்க முடியுமா என்று தெரியவில்லை. அதனால் பகலிலேயே சூடாக அனுப்ப வாகனம் தேடுகிறேன். பிரதான வீதியில் மதியம் போகிற வேன்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.