புதுப்பிப்பு: அக்காவின் ஒற்றைப் பின்னல்

"போட்டோவில் அக்கா முடியை விரித்துவிட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஒற்றைப் பின்னல் வேண்டுமாம். எப்படி மாற்றுவது?"

இப்படி முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது வேலை முக்கால்வாசி முடிந்தது. ஒரு கற்றையை வெட்டி, இலை வடிவில் வளைத்து, மறுபக்கத்துக்குத் திருப்பி ஒட்டினால் போதும் என்றார் ஒருவர். ஒட்டினேன், பிளாஸ்டிக் கயிறு போலிருந்தது. திருப்பியதில் மினுமினுப்பும் பக்கம் மாறிவிட்டது என்று ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்தான் கண்டுபிடித்தார். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. வலப்பக்கக் கற்றைகளின் மினுப்பை அடக்கி, மடிப்புகளுக்குள் நிழல் வரைந்தேன்.

நடு வகிடு நேர்கோடாக இருந்தவரை விக் மாதிரிதான். குறுக்கே ஓரிரு முடி வரைந்ததும் உயிர் வந்தது. ரப்பர் பேண்டு அருகே பின்னலை ஒடுக்கி, கீழே நுனியை விரித்தேன்.

முடி மறைத்திருந்த காதுதான் இன்னும் ஒட்டவைத்ததுபோல் தெரிகிறது.