100 வாட் என்று அச்சடித்த கேபிள் 60-க்கு மேல் ஏறவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

சரவணன், செந்தூல்:
வீடியோ எடிட்டிங் செய்யும் மேக்புக்குக்கு 100 வாட் சார்ஜர் வைத்திருக்கிறேன். பழைய கேபிள் நைந்துபோனதால் பாசார் மாலாமில் 15 ரிங்கிட்டுக்கு ஒரு சி டு சி கேபிள் வாங்கினேன். அட்டையில் 100 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் ரெண்டர் ஓடும்போது, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க வேண்டிய பேட்டரி இறங்குகிறது. டெர்மினலில் பார்த்தேன்:

```
system_profiler SPPowerDataType | grep Wattage
```

60 என்றது. தம்பியின் கேபிளை மாட்டினால், அதே சார்ஜரில் 100. உள்ளே இருப்பது வெறும் கம்பிதானே, அது எப்படிக் கச்சிதமாக 60-ல் நிற்கிறது?

குணா, பாயான் லெப்பாஸ்:
சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலையில் இருக்கிறேன், இது எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிற விஷயம். வெறும் கம்பியாக இருந்தால் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் தராது. 20 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 60 வாட். அதைத் தாண்ட வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருந்து, "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்ல வேண்டும். சார்ஜர் முதலில் சிப்பைத்தான் விசாரிக்கும். பதில் வராவிட்டால் 5 ஆம்பியர் என்ற பேச்சையே லேப்டாப்பிடம் எடுக்காது.

ஒன்று செய்யுங்கள் தம்பி. கேபிளைக் கழற்றி, சார்ஜரில் இருந்த முனையை லேப்டாப்பிலும், லேப்டாப்பில் இருந்ததைச் சார்ஜரிலும் செருகிப் பார்த்துச் சொல்லுங்கள்.

முருகையா, கிள்ளான்:
சிப் எல்லாம் விலையை ஏற்றத்தான். தடியான கேபிளாகப் பார்த்து வாங்கினால் போதும். என் பெரிய கேபிள் சூடே ஆவதில்லை.

குணா, பாயான் லெப்பாஸ்:
செம்பு தடியாக இருக்க வேண்டும் என்பது சரிதான் அண்ணே. ஆனால் கேபிளின் தடிமன் சார்ஜருக்குத் தெரியாது. சிப் இல்லாத தடிக் கேபிளும் 60-ல்தான் நிற்கும். உங்களுடையது சூடாகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பிரியா, பட்டர்வொர்த்:
எனக்கும் இதே பிரச்சினை. போன் 67 வாட் என்று விளம்பரம், காரில் போட்டால் ஆமை வேகம். இந்த சிப் இல்லாததுதான் காரணமா?

குணா, பாயான் லெப்பாஸ்:
காரில் செருகும் முனை பழைய அகல யுஎஸ்பி என்றால் அது வேறு கதை. அந்த மாதிரிக் கேபிளில் இந்தப் பேச்சுவார்த்தையே நடக்காது. சில போன் கம்பெனிகளுக்குத் தனி முறை உண்டு, அதற்கு அவர்களுடைய சார்ஜரும் கேபிளும் வேண்டும்.

சரவணன், செந்தூல்:
அண்ணா, முனையை மாற்றிப் போட்டதும் 100 காட்டுகிறது! திரும்பப் பழையபடி மாற்றினால் 60. பலமுறை பார்த்துவிட்டேன், மாறவே இல்லை.

குணா, பாயான் லெப்பாஸ்:
நான் சந்தேகப்பட்டது அதுதான். உங்கள் கேபிளில் சிப் இருக்கிறது, ஒரே ஒரு முனையில். அந்த சிப்புக்கும் கரண்ட் வேண்டும், அதைச் சார்ஜர்தான் தருகிறது. சிப் தூர முனையில் இருந்தால், அந்தக் கரண்டைக் கொண்டுபோக விகான் என்ற மெல்லிய கம்பி ஒன்று கேபிள் நெடுக ஓட வேண்டும். அல்லது இரண்டு முனையிலும் சிப் வைக்க வேண்டும். மலிவுக் கேபிள்களில் அந்தக் கம்பியை விட்டுவிடுகிறார்கள். சில நல்ல கேபிள்களிலும், முனையை ஒட்டி மடிந்து மடிந்து அது உள்ளேயே அறுந்துவிடும். உங்களுடையது புதிது, அதனால் முதலிலிருந்தே இல்லை என்று நினைக்கிறேன். வெட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

சரவணன், செந்தூல்:
அப்படியானால் முனையை அடையாளம் வைத்து அந்தப் பக்கமாகவே பயன்படுத்தலாமா? ரெண்டர் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கேபிள் நன்றாகச் சுடுகிறது.

குணா, பாயான் லெப்பாஸ்:
வேண்டாம். சிப் சொல்வதைச் சார்ஜர் அப்படியே நம்பிவிடும். உள்ளே செம்பு எவ்வளவு என்று சிப்புக்குத் தெரியாது, தொழிற்சாலையில் எழுதிவிட்டதைத்தான் அது ஒப்பிக்கிறது. இதே மாதிரி ஒரு கேபிளின் இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 4.7 ஆம்பியர் ஓடும்போது சார்ஜர் பக்கம் 20.1 வோல்ட், லேப்டாப் பக்கம் 18.7. நடுவே 1.4 வோல்ட் காணாமல் போகிறது, கிட்டத்தட்ட 6.6 வாட் கேபிளுக்குள்ளேயே சூடாக மாறுகிறது. யுஎஸ்பி விதிப்படி போகவர இரண்டு கம்பியும் சேர்த்து 0.75 வோல்ட்தான் இழக்கலாம். 60-ல் நின்றபோது உங்கள் கேபிள் ஓரளவு தப்பித்தது, இப்போதுதான் முழுச் சுமை ஏறுகிறது.

முருகையா, கிள்ளான்:
அப்போ கடையில் வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?

குணா, பாயான் லெப்பாஸ்:
சிப்பைப் படிக்கிற யுஎஸ்பி மீட்டர் இருந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், இரண்டிலும் 5 ஆம்பியர் வர வேண்டும். 2021-ல் வந்த விதியில் 240 வாட் வகை உண்டு, அதன் சிப்பில் 50 வோல்ட் என்று எழுதியிருக்கும். செம்பு விஷயம் மட்டும் சுமை ஏற்றினால்தான் தெரியும். கடைக்காரர் அதற்கு விடுவாரா என்பது வேறு.

பிரியா, பட்டர்வொர்த்:
என் காரில் இருப்பது அகல முனைதான். சி முனை உள்ள கார் சார்ஜர் வாங்கினால் 67 வருமா?