பதினோரு நாளுக்கு எம்புட்டு வட்டி

(குடும்ப குரூப், செப்டம்பர் 23)

செல்வி: அண்ணே இருக்கியா, ஒரு கணக்கு கேக்கணும். செல்லூர்ல மூணு ரூவா வட்டிக்கு 60,000 வாங்கிருந்தோம்ல, சீட்டு எடுத்த காசு வந்துருச்சு, இன்னைக்கே கொண்டுபோய் கட்டி தீத்துரலாம்னு போன் போட்டா, அசல் போக வட்டி 3,600 கொண்டாங்கங்கிறாங்க. போன மாசம் 12ந்தேதி தான வட்டி கட்டுனேன், அதுக்குள்ள எப்படி ரெண்டு மாச வட்டி வரும்?

கார்த்தி: அத்தை 3% தானே, 60,000க்கு வருஷத்துக்கே 1,800 தான் வரும், 3,600 எல்லாம் சான்ஸே இல்ல

மீனா: டேய் பெங்களூர்க்காரா அது பேங்க்ல. இங்க மூணு ரூவான்னா நூத்துக்கு மாசம் மூணு ரூவா. மாசம் 1,800.

கார்த்தி: மாசத்துக்கா!! அப்ப வருஷத்துக்கு 36% ஆச்சே

சுந்தரம்: மதினி ஒத்த பைசா குடுக்காதீங்க. இது கந்து வட்டி, 2003லயே தடைச் சட்டம் வந்துருச்சு, நேரா கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுங்க

செல்வி: ஐயோ தம்பி அவங்க ஒண்ணும் மிரட்டல, வீட்டுக்கு வந்து கத்தல. அவர் ஆட்டோ இன்ஜின் போனப்ப ராத்திரி 9 மணிக்கு எடுத்துக் குடுத்த மனுஷன். எனக்கு கணக்கு தான் வேணும், சண்டை வேணாம்

மீனா: எனக்கும் தோடு அடகு வச்சப்ப இப்படித்தான் அக்கா, ஒரே ஒரு நாள் தள்ளிப் போச்சு, முழு மாச வட்டி போட்டுட்டான். கேட்டா ரசீது பின்னாடி படிங்கன்னான், எறும்பு மாதிரி எழுத்து, அதை யாரு படிக்கிறது

முருகேசன்: இப்பதான் பாத்தேன். செல்வி நீ என்னைக்கு வாங்குன, என்னைக்கு என்னைக்கு வட்டி கட்டுனன்னு தேதி போட்டு சொல்லு.

செல்வி: மார்ச் 12 வாங்குனது. ஏப்ரல் 12ல இருந்து மாசாமாசம் 12ந்தேதி கட்டிருக்கேன், ஆகஸ்ட் 12 வரைக்கும். அஞ்சு வட்டி. இந்த 12ந்தேதி கட்டல, எப்படியும் தீக்கப் போறோமேன்னு விட்டுட்டேன்

கார்த்தி: ஓகே இப்ப புரிஞ்சது. ஆகஸ்ட் 12ல இருந்து இன்னைக்கு வரைக்கும் 42 நாள். ஒரு நாளைக்கு 60 ரூவா. 42 x 60 = 2,520. 3,600 தப்பு. சிம்பிள்

முருகேசன்: கிட்ட வந்துட்ட, ஆனா மாச வட்டியை அப்படி நாளா உடைக்க மாட்டாங்க. 12க்கு 12 ஒரு மாசம்னா ஒரு மாசம் தான், அது 31 நாளா இருந்தாலும் 1,800, பிப்ரவரி 28 நாளா இருந்தாலும் 1,800. மாசத்தை எண்ணி முடிச்சிட்டு மிச்சம் நிக்கிற நாளுக்கு மட்டும் தான் முப்பதால வகுக்கணும். அப்ப ஒரு மாசம் 1,800, பதினோரு நாளுக்கு 660, ஆக 2,460. உன் கணக்குல 60 ரூவா கூட வருது பாரு, அந்த 31வது நாளுக்கும் சேத்து வட்டி போட்டுட்ட.

கார்த்தி: 😐 சரிப்பா

செல்வி: அப்ப அவங்க சொல்ற 3,600?

முருகேசன்: தேதி தாண்டிட்டா அடுத்த மாசம் முழுசுங்கிற கணக்கு அது. ஆகஸ்ட்ல ஒண்ணு, பிறந்துட்ட மாசத்துக்கு ஒண்ணு. அப்படி வாங்குறவன் உண்டு. கீழமாசி வீதியில நான் கணக்கு எழுதுன மண்டியில பதினஞ்சு நாளுக்குள்ளன்னா அரை மாசம், மேல போனா முழு மாசம். அந்த வழக்கப்படி பாத்தா கூட உனக்கு பதினோரு நாளுக்கு 900 தான். நீ கையெழுத்து போட்டுக் குடுத்த புரோநோட்டுல என்ன எழுதிருக்கு?

செல்வி: ஜெராக்ஸ் இருக்கு பாக்குறேன். "நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு ரூ.3 வீதம் வட்டி" அம்புட்டுதான், அரை மாசம் முழு மாசம்னு ஒண்ணும் இல்ல

முருகேசன்: வாங்கும்போது வாயால சொன்னாங்களா?

செல்வி: இல்லண்ணே. பெரியவர் ஒண்ணுமே சொல்லல. இப்ப அவர் படுத்த படுக்கை, மகன்தான் பாக்குறான்.

முருகேசன்: முன்னாடியே பேசல, எழுதவும் இல்ல, அப்ப நாள் கணக்கு கேக்குறதுல தப்பே இல்ல. இன்னொண்ணு கேக்குறேன், நல்லா யோசிச்சு சொல்லு. மார்ச் 12 அன்னைக்கு உன் கையில எண்ணிக் குடுத்தது எம்புட்டு?

செல்வி: 60,000 தான

செல்வி: இருங்க அவர்கிட்ட கேட்டுட்டு வரேன்

செல்வி: அண்ணே 58,200 தான் குடுத்தாராம். இவரு டைரில எழுதி வச்சிருக்காரு, "கை 58200, வ.பி 1800"னு

முருகேசன்: வட்டி பிடித்தம். அதான் கேட்டேன். முதல் மாச வட்டியை அன்னைக்கே பிடிச்சுக்கிட்டாரு. அப்ப ஏப்ரல் 12 நீ கட்டுனது முடிஞ்ச மாசத்துக்கு இல்ல, பிறக்கிற மாசத்துக்கு. வரிசையா எண்ணிப் பாரு, பிடிச்சது ஒண்ணு, நீ கட்டுனது அஞ்சு, ஆறு மாச வட்டி போயிருக்கு. மார்ச் 12ல இருந்து ஆறு மாசம்னா செப்டம்பர் 12 வரைக்கும் பாக்கியே இல்ல. நிக்கிறது இந்த பதினோரு நாள் மட்டும். 660.

மீனா: யாத்தே 3,600 எங்க 660 எங்க

கார்த்தி: அப்பா செம. அது மட்டுமில்ல, கையில வந்தது 58,200, அதுக்கு மாசம் 1,800ன்னா மூணு ரூவா இல்ல, 3.09 வருது, அதையும் கேக்கணும்

முருகேசன்: அதைக் கேட்டா விடிஞ்சுரும். பிடித்தத்துக்கு அன்னைக்கு தலையாட்டிட்டு தான வாங்குனோம். கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அந்த பிடிச்ச 1,800 எந்த மாசத்துக்கு வரவு வச்சீங்க?

சுந்தரம்: எழுத்துக்கூலின்னு சொல்லுவான் பாருங்க

முருகேசன்: சொல்லலாம் மாப்ள. ஆனா எழுத்துக்கூலி அச்சு பிசகாம ஒரு மாச வட்டியாவா வரும்? அவங்க அப்பா சிட்டையை எடுத்துப் பாக்கச் சொல்லு. பெரியவர் எழுதிருப்பாரு, மகன் பாத்திருக்க மாட்டான். அவன் உன் கடைசி தேதியை மட்டும் பாத்து கணக்கு போட்டிருக்கான்னு நினைக்கிறேன். செல்வி, அங்க வாங்குன நாள் திருப்புற நாள் ரெண்டையும் சேத்து பன்னெண்டு நாள்னா ஒத்துக்காத, ரெண்டுல ஒரு நாள்தான் எண்ணணும். நோட்டு கைக்கு வராம பணத்தை மேசையில வைக்காத.

செல்வி: சரிண்ணே. 900 கேட்டா?

முருகேசன்: 900ன்னா குடுத்துட்டு வந்துரு. 240 ரூவாக்கு மல்லுக்கட்ட வேணாம்.

சுந்தரம்: நீங்க குடுக்கிற தைரியம்தான் மச்சான் இவங்கள இப்படி ஆக்குது

முருகேசன்: நீ கலெக்டர் ஆபீஸ்ல வரிசையில நில்லு, நாங்க டீ வாங்கித் தாரோம்

(சாயங்காலம் 6:40)

செல்வி: போயிட்டு வந்துட்டேன். முதல்ல பிடித்தமே இல்லைன்னான், டைரியைக் காட்டுனதும் உள்ள போய் அப்பாகிட்ட கேட்டான். பெரியவர் சிட்டையை எடுக்கச் சொன்னாரு, அதுலயும் 1,800 மார்ச்சுன்னு இருக்கு. அப்புறம் அரை மாசம்னு 900ல வந்து நின்னான், சரின்னுட்டேன்

மீனா: சூப்பர்க்கா 👏👏

முருகேசன்: நோட்டு?

செல்வி: அதுதான்ணே. பீரோ சாவி அவன் வீட்டம்மா கொண்டுபோயிட்டாங்களாம், திருப்பரங்குன்றத்துல இருக்காங்க, பணத்தைக் குடுத்துட்டுப் போங்க நாளைக்கு நோட்டு தரேன்னான்

முருகேசன்: குடுத்தியா?

செல்வி: இல்ல, அப்படியே கொண்டாந்துட்டேன். நாளைக்கு வந்தா ஒரு நாள் கூடும்லங்கிறான்

கார்த்தி: அரை மாசம்னு 900 வாங்குறவனுக்கு பன்னெண்டாவது நாளும் அதுக்குள்ளதான அத்தை

முருகேசன்: இப்ப சரியா சொன்ன. செல்வி, காலையில நானும் வரேன், எட்டு மணிக்கு கிளம்பி இரு. அஞ்சு வட்டியும் கையில குடுத்தியா, போன்ல அனுப்புனியா?

செல்வி: மூணு போன்ல, ரெண்டு கையில

முருகேசன்: அந்த மூணையும் எடுத்து வை.