விலான் 20-க்கு மட்டும் இணையம் வரவில்லை: ஃபயர்வாலின் பழைய சப்-இன்டர்ஃபேஸை நீக்காமல் வழி உண்டா?

வணக்கம். திருப்பூரில் எங்கள் அலுவலகத்தில் போன வாரம் விலான்களின் கேட்வேயை ஃபயர்வாலிலிருந்து சிஸ்கோ 3650 ஸ்விட்சுக்கு மாற்றினோம். ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட் இப்போது ரவுட்டட் போர்ட். அந்தப் பக்கம் 10.0.0.1, ஸ்விட்சில் 10.0.0.2.

```
ip routing
ip route 0.0.0.0 0.0.0.0 10.0.0.1
```

விலான் 10 நன்றாக ஓடுகிறது. விலான் 20-இல் (192.168.20.0/24) இருக்கும் கணினிகள் 10.0.0.2 வரை பிங் செய்கின்றன, அதற்கு மேல் பதிலே இல்லை. ஸ்விட்சிலிருந்து நேராக 8.8.8.8-க்குப் பிங் போகிறது.

நாட், பாலிசி இரண்டும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. திரும்பும் வழிக்காக ஃபயர்வாலில் 192.168.20.0/24-க்கு 10.0.0.2 வழியே ஸ்டேட்டிக் ரூட்டும் போட்டோம், ஆனால் ரூட்டிங் டேபிளில் அது ஏறவே இல்லை. பாக்கெட் கேப்சரில் பிங் வெளியே போகிறது, பதிலும் ஃபயர்வால் வரை வருகிறது. அப்புறம் அது பழைய விலான் 20 சப்-இன்டர்ஃபேஸ் வழியாக டேக் போட்டு இறங்குகிறது. அந்த சப்-இன்டர்ஃபேஸ் இன்னும் உயிரோடு இருப்பதால், நேரடி இணைப்பு ஸ்டேட்டிக் ரூட்டை முந்திவிடுகிறது. விபிஎன் விதிகள் பல அதோடு கட்டப்பட்டிருப்பதால் உடனே நீக்க முடியாது.

அதுவரை 192.168.20.0/25, 192.168.20.128/25 என்று இரண்டு ஸ்டேட்டிக் ரூட்டுகளை 10.0.0.2-க்குப் போட்டால், நீளமான ப்ரிஃபிக்ஸ் என்பதால் அவை நேரடி இணைப்பை முந்துமா, இல்லை சப்-இன்டர்ஃபேஸை நிறுத்தியே ஆக வேண்டுமா?